ஒரு கிளட்ச் வயரும் இரண்டு செலவுகளும்

சரக்கு வண்டிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் சிக் லைனில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள பிரேக் பிளாக் ஸ்டோரில் இல்லாத காரணத்தால், பல லட்சம் பெறுமானமுள்ள பெட்டி மூன்று நாள் அசையாமல் நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதே ஸ்டோரில், யாரும் கேட்காத உதிரி பாகங்கள் துருப்பிடித்துப் போய் ஏலத்துக்குச் சென்றதையும் கண்டிருக்கிறேன். இரண்டும் நஷ்டம்தான். ஆனால் முதல் நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. இரண்டாவது மட்டும் தணிக்கையாளர் கண்ணில் படும். ஆகவே எல்லோரும் இரண்டாவதற்குத்தான் பயப்படுவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயத்தை மறுபடி நினைக்க வைத்தது, நாகபுரியில் ஆட்டோ ரிக்ஷா உதிரி பாகக் கடை வைத்திருக்கும் ஒரு நண்பரின் வீட்டில் நடந்த சண்டை. நண்பர் பழைய காலத்து வியாபாரி. எல்லாச் சரக்கையும் இரண்டு மாதத்துக்கு வாங்கி அடுக்கி வைப்பார். வணிகவியல் படித்த மகன் கடைக்கு வந்ததும், "வங்கிக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு சரக்கை ஏன் தூங்க வைக்க வேண்டும்?" என்று கேட்டு எல்லாவற்றையும் குறைத்து விட்டான். ஆறு மாதத்தில், கடைக்கு எதிரே இருந்த ஆட்டோ ஸ்டாண்டின் வாடிக்கையாளர்களில் பலர் அடுத்த தெருக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள். அப்பாவும் பிள்ளையும் பேச்சு வார்த்தையை நிறுத்தி விட்ட நிலையில்தான், "மாமா, நீங்கள் ரயில்வேயில் இதையெல்லாம் பார்த்தவர்தானே, நீங்களே சொல்லுங்கள்" என்று பையன் என்னிடம் வந்தான்.

கடையில் அதிகம் விற்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். அது ஆட்டோவின் கிளட்ச் வயர். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

சராசரி செய்யும் ஏமாற்று

கடை ஆண்டுக்கு 300 நாள் திறந்திருக்கிறது. ஒரு நாளைக்குச் சராசரியாக 5 கிளட்ச் வயர் விற்கிறது. ஆக ஆண்டுக்கு 1,500. ஒரு தடவைக்கு 150 வாங்குகிறார்கள். எனவே ஆண்டுக்கு 10 ஆர்டர். ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து சரக்கு கடை அலமாரிக்கு வர, சராசரியாக 8 வேலை நாள் ஆகிறது.

பையன் போட்ட கணக்கு இது: எட்டு நாளில் 40 வயர் விற்கும். ஆகவே கையிருப்பு 40 ஆகும்போது ஆர்டர் கொடுத்தால், கடைசி வயர் விற்கும் நாளில் புதுச் சரக்கு வந்து இறங்கும். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சராசரி என்றாலே, ஏறக்குறைய பாதித் தடவை அதற்கு மேலே, பாதித் தடவை அதற்குக் கீழே என்றுதானே அர்த்தம்? ஆகவே 40-இல் ஆர்டர் கொடுக்கும் கடையில், ஏறக்குறைய இரண்டு ஆர்டருக்கு ஒரு தடவை சரக்கு வருமுன்பே வயர் தீர்ந்து போகும். அதுதான் நடந்தது.

இந்த 40-க்கு மேல் கூடுதலாக வைத்துக்கொள்வதைத்தான் சேஃப்டி ஸ்டாக் என்கிறோம். காப்பிருப்பு என்று தமிழில் சொல்லலாம். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே கேள்வி. அதைச் சொல்வதற்கு இரண்டு செலவுகள் தெரிய வேண்டும்.

வைத்திருப்பதால் வரும் செலவு

வயரின் கொள்முதல் விலை 80 ரூபாய். அந்தப் பணத்துக்கு வங்கி வட்டி நூற்றுக்குப் 12. இடம், இன்ஷூரன்ஸ், எண்ணிக்கை குறைவது ஆகியவற்றுக்கு நூற்றுக்கு 4 என்று வைத்தோம். மூன்றாவதாக, சரக்கு வீணாகும் அபாயம். உள்கம்பி துருப்பிடிக்கலாம், மாடல் மாறலாம். இப்போது பாட்டரியில் ஓடும் ரிக்ஷாக்கள் பெருகி வருகின்றன. அவற்றில் கிளட்ச் வயருக்கு வேலையே இல்லை. இதையும் யோசித்து நூற்றுக்கு 9 சேர்த்தோம். மொத்தம் 25. அதாவது ஒரு வயரை ஓராண்டு முழுவதும் அலமாரியில் வைத்திருக்க 20 ரூபாய் செலவு.

இல்லாததால் வரும் செலவு

இதுதான் கடினமானது. "ஒரு வயர் விற்காவிட்டால் 40 ரூபாய் லாபம் போச்சு, அவ்வளவுதானே?" என்றான் பையன். அப்பா குறுக்கிட்டு, "வயர் அறுந்தவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். இல்லை என்றால் அடுத்த கடைக்குத் தள்ளிக்கொண்டு போவான். போனவன் ஆயிலும் அங்கேதான் வாங்குவான்" என்றார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் மகனைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அது என்று பிற்பாடு தெரிந்தது!

அவருடைய அனுபவத்தையே எண்ணாக்கினோம். வயர் இல்லாத நாளில் கேட்டு வரும் பத்துப் பேரில் மூன்று பேர் வேறு கம்பெனி வயரை வாங்கிக்கொள்வார்கள். அவர்களால் நஷ்டமில்லை. ஏழு பேர் போய் விடுவார்கள். ஒவ்வொருவரிடமும் வயரில் 40 ரூபாய், கூட வாங்கும் சில்லறைச் சாமானில் 20 ரூபாய், ஆக 60 ரூபாய் லாபம் போகிறது. ஏழு பேருக்கு 420. பத்துப் பேருக்கும் பங்கிட்டால், "இல்லை" என்று சொல்லும் ஒவ்வொரு தடவைக்கும் 42 ரூபாய்.

இத்தோடு முடிந்ததா? பத்தில் ஒருவர் நிரந்தரமாகக் கடை மாறி விடுவார் என்பது அப்பாவின் மதிப்பு. ஓர் ஆட்டோக்காரரால் ஆண்டுக்குச் சுமார் 600 ரூபாய் லாபம் வருகிறது என்றால், ஓராண்டு இழப்பை மட்டும் கணக்கில் எடுத்தாலும், ஒவ்வொரு "இல்லை"க்கும் இன்னும் 60 ரூபாய் சேரும். ஆக மொத்தம் சுமார் 100 ரூபாய்.

42-ஆ, 100-ஆ? பிள்ளை முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டான், அப்பா இரண்டாவதை. இரண்டையும் வைத்துக்கொண்டு மேலே போவோம் என்றேன்.

அடுத்த ஒரு வயர் தன் செலவைச் சம்பாதிக்கிறதா?

மொத்தக் கையிருப்பைப் பற்றி யோசிப்பதை விட்டு, காப்பிருப்பில் அடுத்ததாக ஒரே ஒரு வயரைச் சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கின் சூட்சுமம்.

அந்த வயர் அலமாரியில் கிடக்க ஆண்டுக்கு 20 ரூபாய் செலவு. அது உதவும் சந்தர்ப்பம், ஆர்டர் கொடுத்துச் சரக்குக்காகக் காத்திருக்கும் நாட்களில் மட்டுமே. ஆண்டுக்குப் பத்துத் தடவை அப்படிக் காத்திருக்கிறோம். அந்தப் பத்தில் ஒரு தடவை அது உதவினால் 42 ரூபாய் மிச்சம். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உதவினால்கூட, ஆண்டுக்கு 21 ரூபாய் மிச்சம். 20 ரூபாய்ச் செலவை அது ஈடுகட்டி விடுகிறது!

எனவே விதி இது: ஏறக்குறைய 21 ஆர்டருக்கு ஒரு தடவை மட்டுமே சரக்குத் தீரும் என்ற நிலை வரும் வரை காப்பிருப்பை ஏற்றிக்கொண்டே போகலாம். அதற்கு மேல் ஏற்றினால் சேர்க்கும் வயர் தன் செலவைச் சம்பாதிக்காது. இல்லாத செலவை 100 என்று எடுத்துக்கொண்டால், 50 ஆர்டருக்கு ஒரு தடவை என்ற நிலை வரை ஏற்றலாம்.

ஒரு எச்சரிக்கை. 21 ஆர்டருக்கு ஒரு தடவை தீரும் என்றால், நூறு வாடிக்கையாளரில் ஐந்து பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள் என்று அர்த்தமல்ல. அந்த ஒரு தடவையிலும் கடைசி ஓரிரு நாள்தான் பற்றாக்குறை. இந்தக் கணக்கின்படி ஆண்டுக்கு 1,500 பேரில் ஏமாறுபவர் சுமார் மூன்று பேர். இரண்டு அளவுகளையும் குழப்பிக்கொண்டால் காப்பிருப்பு எங்கேயோ போய் விடும்.

ஏற்ற இறக்கத்தை அளப்பது

21-இல் ஒன்று என்ற நிலைக்கு எத்தனை வயர் வேண்டும்? அதற்கு, காத்திருக்கும் நாட்களின் விற்பனை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரிய வேண்டும். இதில் இரண்டு வகை ஆட்டம் உண்டு: தினசரி விற்பனையின் ஆட்டம், லாரி வந்து சேரும் நாளின் ஆட்டம்.

கடைசிப் பன்னிரண்டு ஆர்டர்களுக்கு ஆன வேலை நாட்கள் இவை: 7, 8, 6, 9, 8, 7, 13, 8, 5, 10, 8, 7. மொத்தம் 96, சராசரி 8. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அதன் வர்க்கங்களைக் கூட்டினால் 46. அதை 11-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 2 நாள். பள்ளியில் திட்ட விலக்கம் என்று படித்தோமே, அதேதான். இதேபோல் தினசரி விற்பனையின் திட்ட விலக்கம் 2.5 வயர் என்று கிடைத்தது.

இரண்டையும் சேர்க்கும் முறை:

விற்பனை ஆட்டம்: 8 நாள் × 2.5 × 2.5 = 50
லாரி ஆட்டம்: (5 வயர் × 2 நாள்) இதன் வர்க்கம் = 100
கூட்டுத்தொகை 150, அதன் வர்க்கமூலம் சுமார் 12.2

அதாவது காத்திருக்கும் காலத்தின் விற்பனை சராசரி 40, திட்ட விலக்கம் சுமார் 12. இனி புள்ளியியல் அட்டவணை ஒரு பெருக்கு எண் தருகிறது. 10-இல் ஒரு தடவை தீரலாம் என்றால் 1.28, 20-இல் ஒன்று என்றால் 1.65, 50-இல் ஒன்று என்றால் 2.05, 100-இல் ஒன்று என்றால் 2.33. நமக்கு வேண்டிய 21-இல் ஒன்றுக்கு 1.67. அதை 12.2-ஆல் பெருக்கினால் காப்பிருப்பு 20 வயர். ஆகவே ஆர்டர் கொடுக்க வேண்டிய மட்டம் 40 + 20 = 60.

அப்பாவின் 100 ரூபாயை எடுத்துக்கொண்டால்? 2.05-ஐ 12.2-ஆல் பெருக்கினால் 25. ஆர்டர் மட்டம் 65.

பையன் இதைப் பார்த்துச் சிரித்தே விட்டான். 42-ஆ 100-ஆ என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். விடையில் வித்தியாசம் ஐந்தே ஐந்து வயர், ஆண்டுக்கு நூறு ரூபாய்ச் செலவு! "இல்லாத செலவைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆகவே கணக்கே வேண்டாம்" என்று பல பேர் ஒதுங்கி விடுவதுண்டு. துல்லியம் தேவையே இல்லை. இரண்டு மடங்கு தவறினாலும் விடை அதிகம் நகர்வதில்லை.

எந்தப் பக்கம் தவறலாம்?

இல்லாத செலவு 42 ரூபாய் என்றே வைத்து, வெவ்வேறு காப்பிருப்புக்கு இரண்டு செலவுகளையும் கூட்டிப் பார்த்தோம். ஓராண்டுக்கு உத்தேசமாக:

காப்பிருப்பு 0: வைத்திருக்க 0, இல்லாததால் 2,050, மொத்தம் 2,050 ரூபாய்
காப்பிருப்பு 10: 200 + 600 = 800 ரூபாய்
காப்பிருப்பு 20: 400 + 110 = 510 ரூபாய்
காப்பிருப்பு 30: 600 + 10 = 610 ரூபாய்
காப்பிருப்பு 40: 800 + 0 = 800 ரூபாய்

சரியான அளவைவிடப் பத்து வயர் குறைத்தால் நஷ்டம் 290 ரூபாய். பத்து வயர் கூட்டினால் நஷ்டம் 100 ரூபாய்தான். மலிவான, வேகமாக விற்கும், சீக்கிரம் கெட்டுப் போகாத பொருளில் சந்தேகம் வந்தால் கூடுதலான பக்கம் சாய்வதே புத்திசாலித்தனம். மகன் பூஜ்யத்தில் நின்றதால் ஆண்டுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல் ஒரே பொருளில் போயிற்று. இதே மாதிரி வேகமாக ஓடும் பொருட்கள் கடையில் நாற்பது இருக்கின்றன.

அப்படியானால் அப்பா சொன்னதுதான் சரியா? அதுவும் இல்லை. அதே கடையில் என்ஜின் சிலிண்டர் கிட் ஒன்றின் கொள்முதல் விலை 3,000 ரூபாய். மாதத்துக்கு ஒன்று விற்கும். ஒன்றை ஓராண்டு வைத்திருக்க 750 ரூபாய் செலவு. என்ஜினைப் பிரித்துப் போட்ட மெக்கானிக் எப்படியும் ஓரிரு நாள் காத்திருப்பார், மொத்தக் கடையிலிருந்து மறுநாளே வரவழைத்துக் கொடுக்கலாம். ஆகவே இல்லாத செலவு மிகக் குறைவு. அப்பா அதில் ஐந்து அடுக்கி வைத்திருந்தார். "எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம்" என்பதும் தவறு, "எல்லாவற்றையும் குறை" என்பதும் தவறு. மூன்று கிட்டுகளை விற்றுத் தீர்த்து மறுபடி வாங்காமல் விட்டதில் வந்த 9,000 ரூபாயில், நாலைந்து வேகப் பொருட்களுக்குக் காப்பிருப்பு போட முடிந்தது.

கணக்கைக் கெடுக்கும் நான்கு விஷயங்கள்

முதலாவது, பில் புத்தகம் பொய் சொல்லும். வயர் தீர்ந்த நாளில் விற்பனை பூஜ்யம். ஆனால் கேட்டவர்கள் ஐந்து பேர். பூஜ்யத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் தேவை குறைந்தது போலத் தெரியும். குறைவாக ஆர்டர் போவோம், மறுபடி தீரும், சராசரி இன்னும் இறங்கும். மகனுடைய ஆறு மாதத்தில் இதுவும் நடந்திருந்தது. மருந்து எளிது. கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, "நஹீ ஹை" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் பொருளையும் தேதியையும் ஒரு வரி எழுத வேண்டும். அந்தக் கடையில் அதற்கு 'நஹீ நோட்டு' என்றே பெயர் வந்து விட்டது. இல்லாத நாட்களைச் சராசரியிலிருந்து நீக்கி விடுவதும் நல்லது.

இரண்டாவது, காத்திருக்கும் காலத்தைத் தப்பாக எண்ணுவது. மொத்த வியாபாரி, "நான் ஐந்து நாளில் அனுப்பி விடுகிறேன்" என்பார். அது அவருடைய பில் தேதியிலிருந்து லாரி பில்டி தேதி வரை. நமக்கு வேண்டியது, கையிருப்பு மட்டத்துக்கு இறங்கிய நாளிலிருந்து சரக்கை எண்ணி அலமாரியில் வைக்கும் நாள் வரை. ஆர்டர் சொல்ல மறந்து கழிந்த இரண்டு நாளும் அதில் சேரும்.

மூன்றாவது, முன்பே தெரிந்த தாமதம். தீபாவளி வாரத்தில் டிரான்ஸ்போர்ட் ஓடாது, மழைக்காலத்தில் வயர் அதிகம் அறும் என்பவை எதிர்பாராதவை அல்ல. அவற்றுக்குக் காப்பிருப்பு மருந்தல்ல. முன்கூட்டி ஆர்டர் கொடுப்பதும், அந்த மாதங்களுக்குத் தனிச் சராசரி வைப்பதுமே மருந்து. காப்பிருப்பு தெரியாத ஆட்டத்துக்கு மட்டும்தான்.

நான்காவது, அதிகம் ஆடுவது எது என்று பாராமலிருப்பது. மேலே 150-இல் 100 பங்கு லாரியால் வந்தது. விற்பனையால் வந்தது 50தான். மொத்த வியாபாரியிடம் பேசி, வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாளில் சரக்கு புறப்படும்படி செய்து, விலக்கத்தை 2 நாளிலிருந்து 1 நாளாகக் குறைத்தால், 100 என்பது 25 ஆகி விடுகிறது. கூட்டுத்தொகை 75, வர்க்கமூலம் 8.7, காப்பிருப்பு 20-க்குப் பதில் 15. ஒரு பொருளில் ஐந்து வயர் அற்பம்தான். ஆனால் அதே லாரியில்தான் கடையின் மற்றச் சரக்குகளும் வருகின்றன.

நடைமுறைக்கு ஒரு சாக்கு

இவ்வளவு கணக்கையும் கடைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பழைய ஸ்டோர் முறை ஒன்றைச் சொன்னேன். அறுபது வயரை எண்ணி ஒரு சாக்கில் போட்டுச் சிவப்பு நாடாவால் கட்டி வைப்பது. வெளியே அலமாரியில் உள்ளது தீர்ந்து சாக்கை அவிழ்க்கும் நாளே ஆர்டர் கொடுக்கும் நாள். புதுச் சரக்கு வந்ததும் முதல் வேலை சாக்கில் மறுபடி அறுபது ஆக்குவது. சாக்கில் இருபது மட்டும் போட்டு வைப்பது பலரும் செய்யும் பிழை. இருபது என்பது காப்பிருப்பு. காத்திருக்கும் எட்டு நாளின் சாதாரண விற்பனையான நாற்பதும் சாக்கில்தான் இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த இரண்டு சராசரிகளையும் இரண்டு விலக்கங்களையும் புதுப்பித்துச் சாக்கின் எண்ணை மாற்ற வேண்டும். பாட்டரி ரிக்ஷாக்கள் பெருகும் வேகத்தில் என்றாவது ஒருநாள் சாக்கில் முப்பது போதும் என்றாகலாம். அதையும் நஹீ நோட்டும் விற்பனைப் புத்தகமும் முன்கூட்டியே சொல்லி விடும்.

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை சாக்கை அவிழ்த்துக்கொண்டே போனில் ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தான். நஹீ நோட்டை வாங்கிப் புரட்டினேன். கிளட்ச் வயர் என்ற வரி நாலு மாதமாக அதில் இல்லை. "அப்படியென்றால் சாக்கில் கொஞ்சம் குறைக்கலாமா மாமா?" என்றான். நாலு மாதத்தில் கடை கொடுத்தது மூன்று ஆர்டர். இருபத்தொரு ஆர்டரில் ஒரு தடவை தீர வேண்டிய சரக்கு, மூன்று ஆர்டரில் தீராதது ஆச்சரியமா? இன்னும் ஓராண்டு எழுதிக்கொண்டு வா, பிறகு பேசுவோம் என்று சொல்லி விட்டு வந்தேன்.